முடிவாகாத விண்ணப்பதாரருக்கு என்ன பதில் எழுதுவது?

“கணக்கர் வேலைக்கு இரண்டாம் சுற்று முடிந்து 12 நாள் ஆகிறது. ‘என் விண்ணப்பம் என்ன ஆயிற்று’ என்று ஒருவர் மின்னஞ்சல் போட்டிருக்கிறார். முதலாளி இன்னும் முடிவு சொல்லவில்லை. என்ன எழுதுவது?”

இன்றே எழுதுங்கள், முடிவுக்குக் காத்திருக்க வேண்டாம். இவ்வளவு போதும்:

“நேர்காணலுக்கு வந்ததற்கு நன்றி. இந்தப் பணிக்கு இன்னும் யாரையும் முடிவு செய்யவில்லை. உங்கள் விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கிறது. வரும் வெள்ளிக்கிழமைக்குள் நிலவரத்தை எழுதுகிறேன். அதற்குள் வேறு இடத்துக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தால் கடைசித் தேதியைத் தெரிவியுங்கள்.”

அந்தக் கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். இரண்டாம் சுற்று முடிந்தவர் இப்போது கேட்கிறார் என்றால், கையில் இன்னொரு வேலை உத்தரவு இருக்கலாம். அதன் தேதி தெரிந்தால் முதலாளியிடம் போய், “புதன்கிழமைக்குள் சொல்லாவிட்டால் இவர் கிடைக்கமாட்டார்” என்று கேட்கலாம். வெறுமனே நினைவூட்டுவதைவிட அதற்குப் பலன் அதிகம்.

அனுப்பும் முன் முதலாளியிடம் ஒன்று கேளுங்கள்: ஆளைத் தேர்வதில் தாமதமா, அல்லது அந்த இடத்தை நிரப்புவதே சந்தேகமா? இரண்டாவது என்றால் “பரிசீலனையில்” என்று எழுதுவது சரியல்ல. “இந்தப் பணியிடத்துக்கான ஒப்புதலே நிலுவையில் இருக்கிறது” என்று உள்ளதைச் சொல்லிவிடுங்கள்.

வெள்ளிக்கிழமையும் முடிவாகவில்லையென்றால், அன்றே “இன்னும் முடிவாகவில்லை” என்று ஒரு வரி போடுங்கள்.

அப்புறம், அவரை உங்களுக்கு எவ்வளவு பிடித்திருந்தாலும் “கிட்டத்தட்ட உறுதி” என்று ஃபோனில்கூடச் சொல்லாதீர்கள். அதை நம்பி, இப்போது இருக்கிற வேலையை அவர் விட்டுவிடக்கூடும். பணி நியமனக் கடிதம் கைக்கு வரும்வரை ராஜினாமா செய்ய வேண்டாம் என்று நீங்களே சொல்வது நல்லது.