ஒரே சிரப் பாட்டில், இரண்டு பிள்ளைகள்

கேள்வி: என் மகனுக்கு மூன்று வயது. பத்து நாளைக்கு முன் சின்னம்மை வந்து, இப்போதுதான் பொருக்குத் தட்டுகிறது. ஆறு வயது மகளுக்கு ஆஸ்துமா உண்டு, எடை 18 கிலோ. நேற்றிரவு முதல் அவளுக்குக் காய்ச்சல் 102 டிகிரி. வீட்டில் ஐபுப்ரோஃபென் சிரப் இருக்கிறது. ஆஸ்துமாவுக்கு ஆகாது என்கிறார்களே, கொடுக்கலாமா? எவ்வளவு?

பதில்: கொடுக்க வேண்டாம். ஆனால் நீங்கள் பயப்படும் ஆஸ்துமா அதற்கு முதல் காரணம் இல்லை.

தம்பிக்கு அம்மை வந்து பத்து நாள் ஆகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். சின்னம்மை தொற்றினால் 10 முதல் 21 நாளுக்குள் வெளியே தெரியும். கொப்புளம் வருவதற்கு ஓரிரு நாள் முன்பே காய்ச்சல் வரலாம். மகளுக்கு முன்பு அம்மை வந்ததில்லை, தடுப்பூசியும் போடவில்லை என்றால் இந்தக் காய்ச்சல் அம்மையின் முதல் நாளாகவே இருக்கலாம். மார்பு, முதுகு, தலைமுடிக்குள் எல்லாம் பாருங்கள்.

அம்மைக்கும் ஐபுப்ரோஃபெனுக்கும் என்ன சண்டை என்று கேட்பீர்கள். அம்மைக் கொப்புளம் உடைந்த இடம் கிருமிக்குத் திறந்த கதவு. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகைக் கிருமி அதன் வழியே புகுந்தால், அரிதாகத் தோலுக்கு அடியில் உள்ள தசை வரை அரித்துவிடும். அம்மையின்போது ஐபுப்ரோஃபென் சாப்பிட்ட பிள்ளைகளிடம் இப்படிப்பட்ட தொற்று கூடுதலாகக் காணப்பட்டிருக்கிறது. மருந்தே காரணமா, அல்லது வலியையும் வீக்கத்தையும் அடக்கி ஆபத்தைத் தெரியாமல் மறைத்துவிடுகிறதா என்ற வாதம் இன்னும் முடியவில்லை. பாராசிட்டமால் கையில் இருக்கும்போது இந்த வாதத்தில் நாம் ஏன் தலையைக் கொடுக்க வேண்டும்? ஆஸ்பிரின் மட்டும் எந்தப் பெயரிலும் கூடாது. அம்மையோடு அது சேர்ந்தால் மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ரை நோய் வரலாம்.

அதனால் இப்போதைக்குப் பாராசிட்டமால். ஒரு கிலோவுக்கு 15 மி.கி. வரை என்று வைத்துக்கொண்டால் 18 கிலோவுக்கு 270 மி.கி. உங்களிடம் இருப்பது 5 மி.லி.யில் 250 மி.கி. உள்ள சிரப் என்றால் 5 மி.லி. போதும். ஆறு மணி நேர இடைவெளியில், நாளுக்கு நான்கு தடவைக்கு மேல் வேண்டாம். பாட்டிலைத் திருப்பிப் படியுங்கள். 5 மி.லி.யில் 120 அல்லது 125 மி.கி. மட்டும் உள்ளதும் உண்டு. அதில் 5 மி.லி. கொடுத்துவிட்டு, காய்ச்சல் இறங்கவில்லையே என்று தவிப்பவர்களை அடிக்கடி பார்க்கிறேன்.

சரி, ஆஸ்துமா விஷயம். வலியையும் காய்ச்சலையும் தூண்டும் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் உடலில் உருவாவதை ஐபுப்ரோஃபென் தடுக்கிறது. சிலருக்கு அப்போது அதற்கான மூலப்பொருள் லூக்கோட்ரையீன் என்ற வேறு பொருளாக மாறி மூச்சுக்குழாயைச் சுருக்கிவிடும். பெரியவர்களைவிடக் குழந்தைகளிடம் இது குறைவு. ஆஸ்துமா உள்ள பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆவதில்லை. மகள் இதற்கு முன் இதைச் சாப்பிட்டுச் சிரமம் இல்லாமல் இருந்திருந்தால், இழுப்பு இல்லாத நாளில், அம்மை இல்லை என்று உறுதியான பிறகு கொடுக்கலாம். ஒருமுறைகூடக் கொடுத்ததில்லை என்றால், ஆஸ்துமா கடுமையானது என்றால், மூக்கில் சதை வளர்ச்சி இருந்தால், மருத்துவரைக் கேட்காமல் தொடாதீர்கள்.

அப்போதைய அளவு: ஒரு தடவைக்குக் கிலோவுக்கு 5 முதல் 10 மி.கி. 18 கிலோவுக்கு 90 முதல் 180 மி.கி. சிரப் 5 மி.லி.யில் 100 மி.கி. என்றால் 4.5 முதல் 9 மி.லி. எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, நாளுக்கு மூன்று தடவை, சாப்பிட்ட பிறகு. சமையலறைக் கரண்டி வேண்டாம், ஊசி இல்லாத சிரிஞ்சில் அளந்து கொடுங்கள். பிள்ளை வாந்தி, பேதியில் வாடிக் கிடந்தால் வேண்டாம், சிறுநீரகத்துக்குச் சிரமம். அப்புறம், இரண்டு மருந்தும் கலந்த சிரப் உண்டு. அதைக் கொடுத்துவிட்டுத் தனியாகவும் பாராசிட்டமால் கொடுத்தால் அளவு கூடிவிடும்.

கொடுத்து அரை மணியிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் மூக்கு ஒழுகி, கண் சிவந்து, இருமலோடு இழுப்பு வந்தால், வழக்கமான நீல இன்ஹேலரைக் கொடுத்துக்கொண்டே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். அதன்பின் ஐபுப்ரோஃபென் மட்டுமல்ல, மெஃபெனமிக் அமிலம், டைக்ளோஃபெனாக் என இதே வகை வலி மருந்து எதுவும் அவளுக்கு ஆகாது என்று சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. இழுப்புக்காகச் சமீபத்தில் அவள் ஸ்டீராய்டு மாத்திரையோ சிரப்போ சாப்பிட்டிருந்தால், கொப்புளம் வரும்வரை காத்திருக்காமல் இன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள். ஸ்டீராய்டு சாப்பிட்ட பிள்ளைகளுக்கு அம்மை கடுமையாக வரலாம்.

மகனையும் கவனியுங்கள். பொருக்கைச் சுற்றிச் சிவப்பு பரவி, தொட்டால் சூடாகக் கெட்டிப்பட்டு, பார்வைக்குத் தெரிவதைவிட அதிகமாக வலித்தால், அல்லது இறங்கிய காய்ச்சல் மறுபடி ஏறினால், அன்றே காட்ட வேண்டும்.