ஊட்டிக்கு ஏறினால் ஆக்சிஜன் எங்கே குறைகிறது?

"காத்துல ஆக்சிஜன் கோயமுத்தூர்லயும் ஊட்டியிலயும் 21 சதவீதம்தான்னு புக்குல இருக்குதுங்க. அப்புறம் ஊட்டிக்குப் போனா ஆக்சிமீட்டர்ல 97 இருந்தது 92-க்கு எறங்குதே, ஏனுங்க? கணக்கு எப்படிப் போடறது?"
— நர்சிங் முதலாண்டு மாணவி, கோபி

சதவீதம் மாறுவதில்லைங்க, அழுத்தம்தான் மாறுகிறது. ஆக்சிஜன் ரத்தத்துக்குள் போவது அதன் பகுதி அழுத்தத்தால், அதாவது மொத்தக் காற்றழுத்தத்தில் அதற்குரிய பங்கால். கோவை சுமார் 410 மீட்டர் உயரம். காற்றழுத்தம் ஏறத்தாழ 724 மி.மீ. பாதரசம். அதில் 21 சதவீதம் 152. வெளிக்காற்றில் ஆக்சிஜனின் பகுதி அழுத்தம் இதுதான்.

மூக்கையும் மூச்சுக்குழாயையும் கடப்பதற்குள் காற்று 37 டிகிரிக்குச் சூடாகி, நீராவியால் நிறைந்துவிடும். அந்த நீராவி 47 மி.மீ. இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. உடல் சூடு மாறாதவரை மலையிலும் சமவெளியிலும் அதே 47தான். எனவே (724 − 47) × 0.21 = 142.

அடுத்து காற்று நுண்ணறை. மூச்சை விட்ட பிறகும் நுரையீரலில் இரண்டு லிட்டருக்கு மேல் பழைய காற்று தங்கியிருக்கும். புதுக்காற்று அதோடுதான் கலக்கிறது. ரத்தம் அங்கிருந்து ஆக்சிஜனை எடுத்துக்கொண்டே, கார்பன் டை ஆக்சைடைக் கொட்டிக்கொண்டே இருக்கிறது. 10 பங்கு ஆக்சிஜனை எடுத்தால் சுமார் 8 பங்கு கார்பன் டை ஆக்சைடு வெளியே வரும். நுண்ணறையில் அதன் அழுத்தம் 40 என்றால், 40 ÷ 0.8 = 50-ஐக் கழிக்க வேண்டும். மிச்சம் 92.

நுரையீரலுக்கு வரும் ரத்தத்தில் ஆக்சிஜன் அழுத்தம் 40தான். 92-க்கும் 40-க்கும் உள்ள இந்த வித்தியாசத்தால் ஆக்சிஜன் உள்ளே பாய, தந்துகியைத் தாண்டும் முக்கால் வினாடிக்குள் இரண்டும் சமமாகிவிடும். ஆக்சிஜன் ஏறாத ரத்தம் கொஞ்சம் கலப்பதால் தமனியில் 85 போல நிற்கும். ஆக்சிமீட்டரில் அது 96, 97.

இனி ஊட்டி: 2,240 மீட்டர், சுமார் 580 மி.மீ. (580 − 47) × 0.21 = 112. பழையபடி 50-ஐக் கழித்தால் 62தான் வரும். ஆனால் உடல் மூச்சைக் கூட்டி, கார்பன் டை ஆக்சைடை 36 அளவுக்கு இறக்குகிறது என்று வையுங்கள். 36 ÷ 0.8 = 45; நுண்ணறையில் 67 கிடைக்கும். தமனியில் 62 போல நிற்கும், ஆக்சிமீட்டர் 91, 92 காட்டும். கார்பன் டை ஆக்சைடு விட்ட இடத்தைத்தான் ஆக்சிஜன் பிடிக்கிறது.

பலரும் 47-ஐக் கழிக்க மறந்துவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் ஊட்டியில் 77 வரும். உள்ளதைவிடப் பத்து கூடுதல்.

அழுத்தம் 85-லிருந்து 62-க்கு இறங்கியும் மீட்டர் ஐந்துதான் குறைந்திருக்கிறது. 60-க்கு மேல் ஹீமோகுளோபின் ஆக்சிஜனை எளிதில் விடாது. அதற்குக் கீழே போனால் மடமடவென்று சரியும். கோவையிலேயே 92 காட்டும் நுரையீரல் நோயாளி அந்த விளிம்பில்தான் இருக்கிறார். மலையேறும் முன் அவர் டாக்டரைப் பார்த்தே ஆக வேண்டும். ஊட்டிக் குளிரில் விரல் சில்லிட்டிருந்தாலும் அளவு தப்பாகக் குறைத்துக் காட்டும். கையைத் தேய்த்துச் சூடாக்கி, நாடித்துடிப்பு எண் நிலையாக நின்ற பிறகு படியுங்கள்.