சப்போர்ட் ப்ராஜெக்டில் நான்கு வருடம் ஓடிவிட்டது. கம்பெனி மாறாமல் உள்ளேயே டேட்டா இன்ஜினியரிங் பக்கம் போக முடியுமா? மேனேஜரிடம் எப்படிக் கேட்பது?

முடியும். ஆனால் "எனக்கு டேட்டாவில் ஆர்வம்" என்று மேனேஜர் முன்னால் போய் நின்றால் நடக்காது. "நல்ல விஷயம்தான், ஒரு சர்டிஃபிகேட் முடிச்சிட்டு வா, பார்க்கலாம்" என்பார். அடுத்த அப்ரைசலிலும் அதே வசனம் வரும்.

நீங்கள் ஒரு சர்வீஸ் கம்பெனியில் எல் 2 சப்போர்ட்டில் இருக்கிறீர்கள், ஷிஃப்ட் உண்டு, பேட்ச் ஜாப் விழுந்தால் நடுராத்திரி போன் வரும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். நானும் அங்கிருந்து வந்தவள்தான். ப்ராடக்ட் கம்பெனிக்காரர்கள் "எங்கள் ஊரில் இப்படி இல்லையே" என்று கமெண்டில் வர வேண்டாம், உங்கள் கதை வேறு.

உங்களை விடாமல் பிடித்து வைப்பது பில்லிங். ப்ராஜெக்ட் டைம் அண்ட் மெட்டீரியல் கணக்கில் ஓடுகிறதென்றால், உங்கள் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் க்ளையன்ட் பணம் தருகிறார். நீங்கள் எழுந்து போனால் அந்த வருமானம் நிற்கும். மாற்று ஆளை க்ளையன்ட் இன்டர்வியூ செய்து ஒப்புக்கொள்ளும் வரை நாற்காலி காலி. ஃபிக்ஸட் பிரைஸ் என்றால் வேலை முடிந்தால் போதும், யார் செய்தார்கள் என்று க்ளையன்ட் அவ்வளவாகப் பார்ப்பதில்லை, மேனேஜருக்கு ஆளை நகர்த்த இடம் இருக்கும். உங்களுடையது எந்த வகை என்று லீடிடம் சாதாரணமாகக் கேட்டாலே சொல்லிவிடுவார். அது தெரியாமல் மேனேஜரிடம் பேசப் போகாதீர்கள்.

என் கதைக்கு வருகிறேன். எங்களுடையது ஒரு இன்ஷூரன்ஸ் அக்கவுண்ட். தினமும் ராத்திரி கிளைகளிலிருந்து பிரீமியம் ஃபைல்கள் வரும். ஒவ்வொரு ஃபைலின் கடைசி வரியிலும் மொத்தம் எத்தனை ரெக்கார்டு, மொத்தத் தொகை எவ்வளவு என்று இருக்கும். சில நாள் ஃபைல் பாதியில் அறுந்து வரும், சில நாள் நேற்றைய ஃபைலே மறுபடி வரும். லோடு ஆகும்போது ஜாப் வாயைத் திறக்காது. காலையில் ரிப்போர்ட் தப்பாக வந்த பிறகுதான் டிக்கெட் பறக்கும். நாங்கள் ராத்திரி உட்கார்ந்து கையால் டெலிட் செய்து மறுபடி லோடு செய்வோம். வாரம் தவறாமல் இந்தக் கூத்து.

டேட்டா இன்ஜினியரிங் கற்றுக்கொள்ள நான் எடுத்தது இதைத்தான். லோடுக்கு முன்னால் ஃபைலைத் திறந்து, வரிகளை எண்ணி, தொகையைக் கூட்டி, கடைசி வரியோடு ஒப்பிடும் ஒரு பைதான் ஸ்க்ரிப்ட். பொருந்தாவிட்டால் ஃபைல் தனி ஃபோல்டருக்குப் போகும், மெயில் வரும். ஏற்கெனவே வந்த ஃபைலா என்று கண்டுபிடிக்க, ஒவ்வொரு ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும், கைரேகை மாதிரியான ஹேஷை ஒரு டேபிளில் எழுதி வைப்பது. பெரிய வித்தை ஒன்றுமில்லை. ஆனால் சப்போர்ட் மேனேஜருக்கு வலித்துக்கொண்டிருந்த இடம் அது.

எழுதுவதற்கு முன்னால் ஒரு மெயில் போட்டேன். "இந்த வகை டிக்கெட்டைக் குறைக்க ஒரு முன்சோதனை செய்யலாம் என்று நினைக்கிறேன். வாரத்தில் ஒரு அரை நாள் வேண்டும், இந்தக் குவார்ட்டர் கோல் ஷீட்டில் சேர்த்துக்கொள்ளலாமா?" அவ்வளவுதான். அந்தக் கடைசி வரி இல்லையென்றால், நீங்கள் செய்வது ஞாயிற்றுக்கிழமை ஓசி வேலை. கோல் ஷீட்டில் ஏறிவிட்டால் அதற்கு நேரம் கேட்கலாம், ரேட்டிங் கேட்கலாம், பின்னால் இன்டர்வியூவில் "அஃபீஷியலாகச் செய்தது" என்று காட்டலாம். கோல் ஷீட்டில் போட மறுத்து, "நேரம் கிடைக்கும்போது பாரு" என்றால் அந்த வேலையைத் தொடாதீர்கள். சுயநலம் என்பார்கள், சொல்லிவிட்டுப் போகட்டும்.

அப்புறம் உள் வேலைவாய்ப்புப் பட்டியலில் ஒரு டேட்டா ப்ராஜெக்ட் வந்தது. பல கம்பெனிகளில் ஒரு ப்ராஜெக்டில் 12 அல்லது 18 மாதம் முடித்திருந்தால்தான் விண்ணப்பிக்கவே விடுவார்கள், உங்களுக்கு அது தாண்டியிருக்கும். ஒன்று கவனியுங்கள்: விண்ணப்பித்த உடனே சில சிஸ்டம் மேனேஜருக்கு மெயில் அனுப்பிவிடும். அவர் அதை சிஸ்டம் வழியாகத் தெரிந்துகொண்டால் முகம் கோணிவிடும். அதற்கு முந்தைய நாளே நான் நேரில் சொல்லிவிட்டேன்.

இன்டர்வியூவில் ஸ்பார்க் பற்றிக் கொஞ்சம் கேட்டார்கள், நான் சுமார்தான். ஆனால் "ஒரே ஃபைல் இரண்டு முறை ஓடினால் டேபிள் என்ன ஆகும்?" என்று ஒருவர் கேட்டார். அதோடு ராத்திரி ராத்திரியாகக் குடித்தனம் நடத்தியவளிடம் கேட்கிற கேள்வியா அது! ஹேஷ் டேபிளைச் சொன்னேன், லோடுக்கு முன் அந்தக் கிளையின் அந்தத் தேதி வரிகளை நீக்கிவிட்டுப் போடுவதைச் சொன்னேன், நீக்குவதும் போடுவதும் ஒரே டிரான்சாக்‌ஷனில் இல்லாவிட்டால் என்ன கோளாறு வரும் என்றும் சொன்னேன். எடுத்துக்கொண்டார்கள்.

நிஜமான சண்டை அதற்குப் பிறகுதான். ரிசோர்ஸ் டீம் என் பெயரை அந்த ப்ராஜெக்டுக்கு சாஃப்ட் பிளாக் செய்தது, அதாவது தற்காலிகமாக ஒதுக்கி வைத்தது. அது சில வாரம்தான் நிற்கும். அதற்குள் பழைய ப்ராஜெக்ட் ரிலீஸ் தேதி தராவிட்டால் அவிழ்ந்து, இடம் வேறு ஆளுக்குப் போகும். மேனேஜர் சொன்னார்: "நீ போயிட்டா க்ளையன்ட்டுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

பதில் கையில் இருந்தது. டீமில் ஒரு தம்பி, பெஞ்சிலிருந்து வந்து பில்லிங் இல்லாமல் இருந்தான். கொஞ்ச காலமாகவே என் ஷிஃப்டில் உட்கார வைத்திருந்தேன். முதலில் நான் செய்ய அவன் பார்ப்பான், பிறகு அவன் செய்ய நான் பார்ப்பேன். "அக்கா, இந்த ஜாப் ஏன் மாதக் கடைசியில மட்டும் விழுது?" என்று அவனாகவே கேட்கிற நிலைக்கு வந்திருந்தான். "என் இடத்துக்கு இவன், இரண்டு மாதக் கடைசி பேட்ச்களை இவனே தனியாக ஓட்டிக் காட்டுவான், அதன் பிறகு இந்தத் தேதியில் நான் போகிறேன்" என்று மெயிலில் போட்டு, ரிசோர்ஸ் டீமையும் காப்பியில் வைத்தேன். தேதியோடு ஒத்துக்கொண்டு பதில் வந்தது. வாயால் சொல்கிற "அடுத்த குவார்ட்டர் பார்க்கலாம்" என்பதை நம்பி சாஃப்ட் பிளாக்கைக் கோட்டைவிட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கிளம்புமுன் அதுவரைக்குமான ஃபீட்பேக்கை எழுத்தில் வாங்கிவிடுங்கள். புது மேனேஜருக்கு உங்களைத் தெரியாது, வருடக் கடைசியில் நடுவாந்தர ரேட்டிங்தான் போடுவார். சம்பளமும் ஏறாது. வெளியிலிருந்து அதே வேலைக்கு வந்து பக்கத்து சீட்டில் உட்காருபவர் கூடுதலாக வாங்குவார், வயிறு எரியும்.

இன்னொரு எரிச்சலையும் சொல்லிவிடுகிறேன். பகல் ஷிஃப்டுக்கு வந்ததும் ஆபீஸ் கேப் வண்டி போச்சு. மெட்ரோ வேலைக்குத் தோண்டிப்போட்ட ஓஎம்ஆரில், சோழிங்கநல்லூர் சிக்னலில் நின்றுகொண்டு, ஒன்பது மணி நேரக் கார்டு ஸ்வைப் குறைந்தால் எச்ஆரிடமிருந்து மெயில் வாங்குவது என்ன நியாயமோ. ராத்திரி ஷிஃப்டில் செக்யூரிட்டியோடு வாசல் வரை கொண்டுவந்து விட்டார்கள்!

"வெளியே போனால் நல்ல ஹைக், இதென்ன பைத்தியக்காரத்தனம்" என்பவர்களுக்கு: சப்போர்ட் அனுபவத்தைக் காட்டி டேட்டா வேலை வெளியில் கேட்டால், ரெஸ்யூமே தாண்டுவது கஷ்டம், கிடைத்தாலும் 90 நாள் நோட்டீஸ் என்றதும் பாதிக் கம்பெனிகள் பின்வாங்கிவிடும். உங்களுக்கு நான்கு வருடம் என்கிறீர்கள், ஐந்து முடிந்தால் கிராஜுவிட்டி. அதையும் கணக்கில் வையுங்கள். ஆனால் உங்கள் ஊர் ஆபீசில் டேட்டா ப்ராஜெக்டே இல்லை, பட்டியலில் வருவதெல்லாம் புனே, ஹைதராபாத் என்றால், இதெல்லாம் வீண். வெளியே தேடுங்கள்.

ரிசைன் லெட்டரைக் காட்டி மாற்றம் கேட்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். என் டீமில் ஒருவர் கேட்டார். சம்பளத்தை ஏற்றி, அதே சப்போர்ட் சீட்டிலேயே உட்கார வைத்தார்கள்.