‘பார்த்துக்கொள்ளலாம்’ என்றால் பார்ப்பவர் யார்?

கேள்வி: திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் ஜூனியர் மெர்சண்டைசராக இருக்கிறேன். எங்கள் சீனியர் அக்கா விடுப்பில் இருந்ததால் செவ்வாய்க்கிழமை நடந்த புரொடக்ஷன் மீட்டிங்குக்கு வரவில்லை. மினிட்ஸ் ஆறு பக்கம் இருக்கிறது, பேச்சு எங்கெங்கோ சுற்றுகிறது. யார் எதை எப்போது செய்ய வேண்டும் என்பதை மட்டும் எடுத்து அவருக்கு எப்படிக் கொடுப்பது? மாதிரிக்கு ஒரு பகுதியை அனுப்பியிருக்கிறேன்.

பதில்: நீங்கள் அனுப்பிய பகுதியைக் கொஞ்சம் சுருக்கி, ஒவ்வொரு செய்திக்கும் எண் இட்டிருக்கிறேன். நீங்களும் முதலில் செய்ய வேண்டியது இந்த எண் இடும் வேலையைத்தான், ஏனென்றால் பிறகு எவராவது “நான் அப்படிச் சொல்லவில்லையே” என்று கேட்டால் காட்டுவதற்கு வரி எண் கையில் இருக்க வேண்டும்.

(1) நேவி நிற லேப் டிப் என்னும் சாயத் துணி மாதிரியை பையர் ஏற்கவில்லை, நிறம் சற்றுச் சிவப்பாக இருப்பதாகக் கருத்து வந்துள்ளது. மறுபடி அனுப்ப வேண்டும்.
(2) சாயப்பட்டறையில் வேலை நெருக்கடி என்று ஃபேப்ரிக் மேனேஜர் கூறினார். வெள்ளிக்குள் வந்துவிடும் என்றார்.
(3) கார்ட்டன் அளவு பெரிதாக இருப்பதாகக் குவாலிட்டி மேனேஜர் சொன்னார். பையரிடம் கேட்டுக்கொள்ளலாம்.
(4) மெயின் லேபிள் இன்னும் வரவில்லை. சீனியர் மெர்சண்டைசர் பார்த்துக்கொள்வார்.
(5) வெள்ளை நிறத் துணி தயாராக இருப்பதால் அதன் தையல் 17-ஆம் தேதி தொடங்கப்படும்.
(6) பிரிண்டிங் யூனிட்டுக்கு யாராவது நேரில் போய்ப் பார்த்தால் நல்லது என்று ஜி.எம். கூறினார்.
(7) லேப் டிப் பற்றி மறுபடி பேசப்பட்டது. வெள்ளி சிரமம், அடுத்த திங்களன்று தருவதாகச் சார் கூறினார்.

எதையும் அடிக்கோடிடாமல் முதலில் கடைசி வரி வரை ஒருமுறை படித்துவிடுங்கள். இரண்டாம் வரியைப் பார்த்ததும் “லேப் டிப், வெள்ளி” என்று எழுதிக்கொண்டு நகர்ந்தவர், ஏழாம் வரிக்கு வரும்போது அந்தப் பொருள் முடிந்துவிட்டது என்ற நினைப்பிலேயே இருப்பார். சுற்றிச் சுற்றிப் போகும் கூட்டத்தில் ஒரே விஷயம் இரண்டு மூன்று முறை திரும்பி வரும், அவற்றில் கடைசியாகச் சொன்னதே செல்லும். எனவே இரண்டாம் முறை படிக்கும்போது பக்க வரிசையில் போகாமல் பொருள் வரிசையில் போங்கள்: லேப் டிப் பற்றிய வரிகள் எல்லாம் ஓரிடத்தில், லேபிள் பற்றியவை ஓரிடத்தில் என்று சேர்த்துவிட்டு, அதன்பின் யார், எப்போது என்று தேடுங்கள்.

யார் என்பதைத் தேடும்போதுதான் தமிழில் எழுதிய மினிட்ஸ் நம்மை ஏமாற்றும். ‘அனுப்புகிறேன்’, ‘அனுப்புவார்’ என்றால் வினையின் விகுதியிலேயே ஆள் இருக்கிறார். ‘அனுப்ப வேண்டும்’, ‘அனுப்பலாம்’, ‘அனுப்பப்படும்’ என்ற மூன்றிலும் அனுப்புகிறவர் யார் என்பது இல்லை. கூட்டத்தில் ஒருவர் “நானே அனுப்பிடுறேங்க” என்று வாய்விட்டுச் சொல்லியிருப்பார். குறிப்பெடுப்பவர் அதை அலுவலக நடைக்கு மாற்றுவதாக எண்ணி ‘அனுப்பப்படும்’ என்று எழுதியவுடன் பொறுப்பாளர் மறைந்துவிடுகிறார். ஆகவே கோப்பில் ‘வேண்டும்’, ‘லாம்’, ‘ப்படும்’ என்ற மூன்றையும் தேடிப் பாருங்கள், வந்து நிற்கும் ஒவ்வோர் இடத்திலும் ஆள் உண்டா என்று கேளுங்கள். (‘லாம்’ என்று தேடினால் ‘எல்லாம்’ எல்லாம் சேர்ந்து வரும், பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான். பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்பாக இருந்தால் யூனிகோடில் தேடுவது எதுவும் அகப்படாது, அச்செடுத்துப் பென்சிலால் குறிப்பதே விரைவு.)

ஆள் இல்லாத இடத்தில் ஓர் ஆளை வைத்துவிட வேண்டும் என்று கை துறுதுறுக்கும். அருகில் எந்தப் பெயர் இருக்கிறதோ அதை எடுத்து வைத்துவிடுவதுதான் நான் மிகுதியாகப் பார்த்த தவறு. மூன்றாம் வரியில் கார்ட்டன் பிரச்சினையை எழுப்பியவர் குவாலிட்டி மேனேஜர். ஆனால் பையரிடம் கேட்பது அவர் வேலை அன்று, உங்கள் நிறுவனத்தில் பையரோடு கடிதப் போக்குவரத்து மெர்சண்டைசிங் பிரிவுடையதாகத்தான் இருக்கும். குறையைச் சொன்னவரையே அதைத் தீர்ப்பவராக எழுதிவிட்டால் இரண்டு பேருமே மற்றவர் கேட்டிருப்பார் என்று இருந்துவிடுவார்கள். உங்கள் பட்டியலில் ஒருவர் பெயரே திரும்பத் திரும்ப வந்தால், அவருக்கு உண்மையிலேயே அவ்வளவு வேலையா, அல்லது அவர் அன்று நிறையப் பேசினாரா என்று ஒருமுறை சரிபாருங்கள்.

ஏழாம் வரியின் ‘சார்’ இன்னொரு சிக்கல். அந்த மேசையில் ஜி.எம்., ஃபேப்ரிக் மேனேஜர், புரொடக்ஷன் மேனேஜர் ஆகிய மூவருமே ‘சார்’தான். சூழலைப் பார்த்தால் ஃபேப்ரிக் மேனேஜராகவே இருக்க வேண்டும், இருந்தாலும் உறுதி செய்யும்வரை அதைக் கேள்விக்குறியோடு வைத்திருங்கள். ‘அடுத்த திங்கள்’ என்பதும் அப்படியே. கூட்டம் நடந்தது ஜூலை 8, செவ்வாய். சிலருக்கு அடுத்த திங்கள் என்றால் 14-ஆம் தேதி, சிலருக்கு வரும் திங்களை விட்டு அதற்கு அடுத்த திங்களாகிய 21. கிழமையை ஒருபோதும் கிழமையாகவே விட்டுவிடாமல் தேதியாக்குங்கள், எந்தத் தேதி என்று ஐயம் இருந்தால் கேட்டு எழுதுங்கள்.

இனி லேப் டிப்பைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம், ஏனென்றால் அதில் ஒரே வேலைபோல் தோன்றுவது உண்மையில் இரண்டு. முதல் வரியில் ‘அனுப்ப வேண்டும்’ என்று இருக்கிறது, இரண்டிலும் ஏழிலும் ‘வந்துவிடும்’, ‘தருவதாக’ என்று இருக்கிறது. சாயப்பட்டறையிலிருந்து திருத்திய லேப் டிப்பை வாங்கி உங்கள் மேசைக்குக் கொண்டுவந்து சேர்ப்பது ஃபேப்ரிக் பிரிவின் வேலை. அதை விளக்குப் பெட்டியில் வைத்து, பையர் கேட்ட ஒளியில் மூல நிறத்தோடு ஒப்பிட்டு, கூரியரில் அனுப்பி, பையருக்கு மெயில் எழுதுவது மெர்சண்டைசரின் வேலை. ஏழாம் வரி முதல் பாதிக்கு மட்டுமே தேதி தருகிறது. இரண்டையும் சேர்த்து “லேப் டிப் அனுப்புதல், ஃபேப்ரிக் மேனேஜர், 14” என்று ஒரே வரியாக எழுதினீர்களானால், 14-ஆம் தேதி லேப் டிப் மேசைக்கு வந்து உறையிலேயே கிடக்கும், நேவி துணிக்குச் சாயம் ஏற்றும் வேலையும் அத்தனை நாள் தள்ளிப்போகும். ஒரு பொருள் கைமாறும் இடம் எதுவோ அங்கே வரியை இரண்டாக உடையுங்கள்.

நான்காம் வரி உங்கள் சீனியரைப் பற்றியது என்பதால் தனியாகச் சொல்ல வேண்டும். கூட்டத்தில் இல்லாதவர் தலையில் வேலையை வைப்பது எல்லோருக்கும் எளிது, மறுப்பதற்கு அவர் அங்கே இல்லை. விகுதியில் ஆள் இருக்கிறார், பதவியும் இருக்கிறது, ஆகவே பார்ப்பதற்குத் தெளிவாகத்தான் தெரியும். ஆனால் அவர் ஒப்புக்கொள்ளும்வரை அது அவருக்குக் கொடுக்கக் கருதிய வேலை மட்டுமே, அவர் ஏற்ற வேலை அன்று. அதை அப்படியே குறிப்பிடுங்கள். மேலும் ‘பார்த்துக்கொள்வார்’ என்பது என்ன செய்வது என்று சொல்லவில்லை: லேபிள் சப்ளையரைத் துரத்துவதா, பையரிடம் ஆர்ட்வொர்க் ஒப்புதல் வாங்குவதா, மாற்று சப்ளையரைத் தேடுவதா? அன்று அங்கிருந்த நீங்கள் நினைவிலிருந்தோ ஒருவரிடம் கேட்டோ இதைத் தெளிவாக்கிக் கொடுத்தால், விடுப்பிலிருந்து திரும்புகிறவருக்கு அரை நாள் மிச்சம்.

தேதி இல்லாத வேலைக்குச் சில சமயம் மினிட்ஸே மறைமுகமாகத் தேதி சொல்லும். ஐந்தாம் வரியில் வெள்ளைக்குத் தையல் 17-ஆம் தேதி என்று முடிவாகியிருக்கிறது. கழுத்துத் தையலோடு மெயின் லேபிள் சேர்ந்து போக வேண்டியிருப்பதால், லேபிள் 16-ஆம் தேதிக்குள் உள்ளே வந்தாக வேண்டும். இந்த 16 கூட்டத்தில் எவரும் சொன்ன தேதி அன்று, நீங்கள் கணக்கிட்டது. பட்டியலில் எழுதலாம், ஆனால் ‘என் கணக்கு’ என்று பக்கத்தில் குறிப்பிட்டே எழுத வேண்டும்.

ஆறாம் வரியை ஆசை என்றுதான் வகைப்படுத்துவேன். ‘யாராவது போனால் நல்லது’ என்பதில் ஆளும் இல்லை, முடிவும் இல்லை. ஆனால் சொன்னவர் ஜி.எம். என்பதால் அடுத்த கூட்டத்தில் “போனீர்களா?” என்று அவர் கேட்கக்கூடும், எனவே அதை முற்றிலும் விட்டுவிடாமல் ஆள் இல்லாதவற்றோடு சேர்த்துவிடுங்கள்.

பட்டியலை அனுப்புமுன் விடுபட்டவற்றுக்கு ஆளுக்கு ஒரு செய்தி போதும், அதுவும் ‘ஆம், இல்லை’ என்று பதில் சொல்லத்தக்க வடிவில். “சார், நேவி லேப் டிப் 14-ஆம் தேதி திங்கட்கிழமை எங்களிடம் தருவதாக எழுதிக்கொள்ளட்டுமா?” என்று கேட்டால் பதில் வரும். “லேப் டிப் நிலை என்ன சார்?” என்று கேட்டால் இன்னொரு கதை வரும்.

சீனியருக்குப் போகும் குறிப்பு இப்படி இருக்கலாம்:

அக்கா, ஜூலை 8 மீட்டிங்கிலிருந்து.
உங்களுக்கு என்று சொன்னவை (நீங்கள் ஒப்புக்கொள்ள வேண்டும்): மெயின் லேபிளுக்கு சப்ளையரிடம் தேதி வாங்குவது. மீட்டிங்கில் தேதி சொல்லவில்லை, 17-ஆம் தேதித் தையலுக்கு 16-க்குள் தேவை என்பது என் கணக்கு. வரி 4, 5.
நீங்கள் காத்திருக்க வேண்டியது: நேவி லேப் டிப், ஃபேப்ரிக் மேனேஜர், 14-ஆம் தேதி (முதலில் 11 என்றார், பிறகு மாற்றினார், அவரிடம் கேட்டு உறுதி செய்துவிட்டேன்). வரி 2, 7. வந்தபின் பையருக்கு அனுப்புவது நம் பிரிவு, யார் என்று மீட்டிங்கில் சொல்லவில்லை, நான் செய்யட்டுமா?
முடிவானது: வெள்ளைத் தையல் 17-ஆம் தேதி தொடக்கம். வரி 5.
ஆள் இல்லாதவை: கார்ட்டன் அளவு பற்றிப் பையரிடம் கேட்பது (வரி 3), பிரிண்டிங் யூனிட்டுக்கு நேரில் போவது (வரி 6, ஜி.எம். சொன்னது).

அவருடைய வேலைகள் முதலில், அவர் எதற்காகக் காத்திருக்க வேண்டுமோ அது அடுத்து, பிறகு முடிவுகள் என்ற இந்த வரிசையை மாற்ற வேண்டாம். சாயப்பட்டறை நெருக்கடி, பையரின் கருத்து போன்ற பின்கதைகளை மினிட்ஸிலேயே விட்டுவிடலாம், வரி எண் இருப்பதால் வேண்டுமானால் அவரே திறந்து பார்ப்பார். அனுப்புமுன், தேடலில் அகப்பட்ட ஒவ்வொரு ‘வேண்டும்’, ‘லாம்’, ‘ப்படும்’ வரியும் இந்த நான்கு பகுதிகளில் ஒன்றில் இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள், இல்லாததை ஏன் விட்டீர்கள் என்று உங்களுக்காவது தெரிந்திருக்க வேண்டும். மேனேஜர்களிடமிருந்து பதில் வரவில்லை என்பதற்காகக் குறிப்பை நிறுத்தி வைக்க வேண்டாம். “பதில் வரவில்லை” என்று அந்த இடத்திலேயே எழுதி, அவர் விடுப்பு முடிந்து வரும் நாளின் காலையிலாவது கையில் இருக்கும்படி அனுப்பிவிடுங்கள்.