பக்கத்து இலக்கத்தில் விழும் சாயல்

வணக்கம் சார். தண்டையார்பேட்டையில் எங்கள் தெரு கிளினிக்குக்கு டோக்கன் போர்டு செய்கிறேன். ஊனோ போர்டு, ஒற்றை இலக்க சிவப்பு காமன் கேத்தோடு டிஸ்பிளே நான்கு, பிசி547 நான்கு. `loop`-க்குள் ஒவ்வொரு இலக்கமாக ஏற்றி 5 மில்லி நொடி `delay` வைத்திருக்கிறேன். எண் தெரிகிறது. ஆனால் பக்கத்து இலக்கத்தின் சாயல் லேசாக விழுகிறது. 1 பளிச்சென்று இருக்கிறது, 8 மங்கல். பஸ்ஸர் அடிக்கும்போது ஒரு இலக்கம் மட்டும் நின்று எரிகிறது. ரெசிஸ்டரை 330-லிருந்து 100 ஆக்கியும் 8 பளிச்சென்று ஆகவில்லை. எங்கே தவறு?

செ., தண்டையார்பேட்டை

அன்புள்ள செ.,

எத்தனை ரெசிஸ்டர் போட்டிருக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. ஆனால் 1-உம் 8-உம் அதைச் சொல்லிவிடுகின்றன. இலக்கத்துக்கு ஒன்றாக, பொதுக் காலில், நான்கே நான்கு போட்டிருப்பீர்கள். அங்கே போட்டால் அந்த ஒரே ரெசிஸ்டர் வழியாக வருகிற மின்னோட்டத்தை எரிகிற செக்மெண்டுகள் எல்லாம் பங்கு போட்டுக்கொள்ளும். 5 வோல்ட்டில் சிவப்பு எல்.இ.டி. சுமார் 2 வோல்ட்டும், திறந்த டிரான்சிஸ்டர் சுமார் 0.2 வோல்ட்டும் எடுத்துக்கொண்டால் மிச்சம் 2.8. அதை 100 ஓமால் வகுத்தால் 28 மில்லி ஆம்பியர். 1-க்கு இரண்டு செக்மெண்ட், ஆளுக்கு 14. 8-க்கு ஏழு செக்மெண்ட், ஆளுக்கு 4. அதுவும் நான்கில் ஒரு பங்கு நேரம்தான் எரிகிறது என்பதால் சராசரி 1 மில்லி ஆம்பியர். மங்காமல் என்ன செய்யும்?

ரெசிஸ்டர் இருக்க வேண்டிய இடம் செக்மெண்ட் கோடு. ஏ முதல் ஜி வரை ஏழு கோட்டுக்கு ஏழு ரெசிஸ்டர், ஊனோவின் பின்னுக்கும் நான்கு டிஸ்பிளேக்களும் சேரும் இடத்துக்கும் நடுவில். பொதுக் காலில் ரெசிஸ்டரே வேண்டாம், அது நேராக டிரான்சிஸ்டரின் கலெக்டருக்குப் போகட்டும், எமிட்டர் கிரவுண்டுக்கு. மதிப்பு 220 ஓம் போதும். பின்னுக்குள்ளேயே கொஞ்சம் வோல்ட் விழுவதையும் சேர்த்துப் பார்த்தால் செக்மெண்டுக்கு 11, 12 மில்லி ஆம்பியர் வரும். 8 எரியும்போது ஏழும் சேர்ந்து டிரான்சிஸ்டருக்குச் சுமார் 80. பிசி547-இன் உச்சவரம்பு 100 என்பதால் தாங்கும். கையில் இருக்கும் 100 ஓமையே ஏழு கோட்டிலும் போட்டுவிடாதீர்கள். டிரான்சிஸ்டர் வரம்பை மீறும், ஊனோவின் பின்னும் தனக்குச் சொல்லப்பட்ட 20 மில்லி ஆம்பியரைத் தாண்டிவிடும்.

பேஸ் ரெசிஸ்டர் 1 கிலோ ஓம். இணையத்துப் படங்கள் பலவற்றில் 10 கிலோ ஓம் இருக்கும். ஒரு எல்.இ.டி.க்கு அது சரி, 80 மில்லி ஆம்பியருக்குப் போதாது. 10 கிலோவில் பேஸுக்குள் போவது 0.43 மில்லி ஆம்பியர்தான். டிரான்சிஸ்டர் முழுசாகத் திறக்காது, எவ்வளவு திறக்கும் என்பது அதனதன் கெயினைப் பொறுத்துப் போகும். ஒரே பட்டையில் வாங்கிய நான்கும் நான்கு விதமாக எரிவது இதனால்தான். 1 கிலோவில் 4.3 மில்லி ஆம்பியர் போகும், நான்கும் ஒரே மாதிரி முழுசாகத் திறக்கும். அதற்குப் பிறகும் ஒரே ஒரு இலக்கம் மட்டும் மங்கலாக இருந்தால் அந்த டிரான்சிஸ்டர் திருப்பிப் பற்றவைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். கலெக்டரும் எமிட்டரும் இடம் மாறினாலும் டிரான்சிஸ்டர் அரைகுறையாக வேலை செய்யும், அதனால் சந்தேகமே வராது.

இனி சாயல். இதற்கு ஒரு சோதனை உண்டு, ஐந்து நிமிடம் பிடிக்கும். இடமிருந்து வலமாக 1, 2, 3, 4 என்று ஓட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவது இலக்கத்தில் மட்டும் 8, மற்ற மூன்றும் வெற்று. அறை விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள். சாயல் எந்தப் பக்கம் விழுகிறது என்பதில்தான் விடை இருக்கிறது.

மூன்றாவது இலக்கத்தில் மங்கலான 8 தெரிந்தால், மூன்றாவது டிரான்சிஸ்டர் திறந்தபோது செக்மெண்ட் கோடுகளில் பழைய 8 இன்னும் இருந்திருக்கிறது. அதாவது நிரல் முதலில் இலக்கத்தை மாற்றிவிட்டு அப்புறம் எண்ணை மாற்றுகிறது. `digitalWrite` ஒன்றுக்குச் சில மைக்ரோ நொடி ஆகும், ஏழு செக்மெண்டுக்கும் சேர்த்து 30 மைக்ரோ நொடி அளவில். 5 மில்லி நொடியில் அது நூறில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் பக்கத்தில் இருப்பது முழு இருட்டு என்பதால் கண் அதைப் பிடித்துவிடும்.

மாறாக முதல் இலக்கத்தில் 8 தெரிந்தால், முதல் டிரான்சிஸ்டர் முழுசாக மூடுவதற்குள் புது எண் கோட்டில் ஏறிவிட்டது. எண்ணை முதலில் மாற்றி, பிறகு இலக்கத்தை மாற்றினாலும் இப்படி வரும். வரிசையைச் சரிசெய்த பிறகும் வரலாம். முழுசாகத் திறந்த டிரான்சிஸ்டரின் பேஸில் மின்சுமை தேங்கி நிற்கும், பின்னை 0 ஆக்கிய அந்த நொடியே அது மூடாது, வடிவதற்குச் சில மைக்ரோ நொடி எடுத்துக்கொள்ளும்.

இரண்டுக்கும் மருந்து ஒன்றே. எல்லா இலக்கத்தையும் அணை, எல்லாச் செக்மெண்டையும் அணை, 20 மைக்ரோ நொடி சும்மா இரு, புது எண்ணை ஏற்று, கடைசியாக இலக்கத்தைத் திற. இந்த வரிசை மாறக்கூடாது.

பஸ்ஸர் தொல்லைக்குக் காரணம் பஸ்ஸர் அல்ல, அதோடு வைத்த `delay`. 300 மில்லி நொடி நிரல் அங்கேயே நின்றால், அந்த நேரத்தில் எந்த இலக்கம் திறந்திருந்ததோ அதுவே எரிந்துகொண்டிருக்கும், நான்கு மடங்கு வெளிச்சத்தோடு. அதனால் இலக்கம் மாற்றும் வேலையை `loop`-இலிருந்து எடுத்து டைமர் இண்டரப்டுக்குக் கொடுத்துவிடுங்கள். இன்னொன்று, 5 மில்லி நொடி வீதம் நான்கு இலக்கம் என்றால் ஒரு சுற்றுக்கு 20, நொடிக்கு 50 சுற்று. நேராகப் பார்த்தால் தெரியாது. வரிசையில் உட்கார்ந்திருப்பவர் தலையைத் திருப்பும்போது ஓரக்கண்ணில் படபடக்கும். இலக்கத்துக்கு 2 மில்லி நொடி வையுங்கள், நொடிக்கு 125 சுற்று வந்துவிடும்.

டைமர் 2-ஐ எடுக்காதீர்கள், `tone()` அதைத்தான் பயன்படுத்துகிறது. இரண்டையும் சேர்த்தால் `__vector_7` இரண்டு முறை வருகிறது என்று கம்பைல் நிற்கும், அந்தச் செய்தியைப் பார்த்து யாருக்கும் ஒன்றும் புரியாது. டைமர் 1 காலியாக இருக்கிறது.

கம்பிகளை இப்படி மாற்றிக்கொள்ளுங்கள்: ஏ முதல் எஃப் வரை பின் 2 முதல் 7, ஜி பின் 8, நான்கு பேஸும் `A0` முதல் `A3`. 0, 1 பின்கள் யு.எஸ்.பி. பேச்சுக்கு விடப்பட்டிருக்கின்றன.

```
const uint8_t seg[10] = {0x3F,0x06,0x5B,0x4F,0x66,
                         0x6D,0x7D,0x07,0x7F,0x6F};
volatile uint8_t buf[4];

ISR(TIMER1_COMPA_vect) {
  static uint8_t d = 0;
  PORTC &= 0xF0;
  PORTD &= 0x03;
  PORTB &= 0xFE;
  delayMicroseconds(20);
  d = (d + 1) & 3;
  uint8_t s = buf[d];
  PORTD |= (uint8_t)(s << 2);
  PORTB |= (s >> 6) & 1;
  PORTC |= 1 << d;
}

void setup() {
  DDRD |= 0xFC; DDRB |= 0x01; DDRC |= 0x0F;
  TCCR1A = 0;
  TCCR1B = _BV(WGM12) | _BV(CS11) | _BV(CS10);
  OCR1A = 499;
  TIMSK1 = _BV(OCIE1A);
}
```

16 மெகாஹெர்ட்ஸை 64-ஆல் வகுத்தால் 250 கிலோஹெர்ட்ஸ். 500 எண்ணிக்கைக்கு 2 மில்லி நொடி. 499 என்று எழுதியிருப்பது எண்ணிக்கை 0-இலிருந்து தொடங்குவதால். `loop`-இன் வேலை இனி `buf`-இல் எண்ணை வைப்பது மட்டும்: டோக்கன் 47 என்றால் கடைசி இரண்டு இடத்தில் `seg[4]`, `seg[7]`, முன்னால் இரண்டிலும் 0, அதாவது வெற்று. பஸ்ஸரைப் பின் 10-இல் வைத்து `tone(10, 2000, 300);` என்று மட்டும் எழுதுங்கள். 300 மில்லி நொடி கழித்து அது தானே நின்றுவிடும்.

செய்தபின் அதே "இரண்டாவதில் மட்டும் 8" சோதனையை இருட்டில் ஒருமுறை போடுங்கள். முதல் இலக்கத்தில் இன்னும் சாயல் மிச்சமிருந்தால் 20-ஐ 50 ஆக்குங்கள். 2000-இல் 50 போவதால் வெளிச்சம் குறைவது கண்ணுக்குத் தெரியாது. 50-க்கும் அடங்கவில்லை என்றால் நிரலில் தேடாதீர்கள், பற்றவைப்பில் இரண்டு கோடுகள் ஒட்டியிருக்கும். கடல்காற்று படுகிற உங்கள் பக்கத்தில் கழுவாத ஃபிளக்ஸும் ஈரமும் சேர்ந்து மெல்லக் கசிய விடுவதும் உண்டு. பலகையைத் தின்னரால் தேய்த்துக் காயவைத்துவிட்டு மறுபடி பாருங்கள்.

பழுது வந்தால் தேடும் இடமும் இந்த அமைப்பிலேயே தெரியும். நான்கு இலக்கத்திலும் ஒரே செக்மெண்ட் போனால் அந்தக் கோட்டின் ரெசிஸ்டர் அல்லது பின். ஒரு இலக்கம் மொத்தமாகப் போனால் அதன் டிரான்சிஸ்டர் பக்கம். ஒரு இலக்கத்தில் ஒரு செக்மெண்ட் மட்டும் என்றால் அந்த டிஸ்பிளேயின் கால்.

வாசலுக்கு எதிரே மாட்டினால் காலை வெயிலில் எண் மங்கும். அதற்காக மறுபடி ரெசிஸ்டரைக் குறைக்கப் போகாதீர்கள். சிவப்பு அக்ரிலிக் தகடு ஒரு துண்டை முன்னால் ஒட்டி, மேலே இரண்டு விரல்கடை நீட்டி ஒரு நிழல் மறைப்பு வையுங்கள். எரியாத செக்மெண்டுகளின் வெளிர் நிறம் மறைந்து எண் எடுத்துத் தெரியும்.

கிளினிக்கில் ஒருவர் போர்டைப் போனில் படம் எடுத்துப் பார்த்துவிட்டு "பாதி எண்தான் வருது" என்பார். வெளிச்சத்தில் போன் கேமரா ஆயிரத்தில் ஒரு நொடிக்குக் கண் திறந்து மூடும், உங்கள் இலக்கம் ஒவ்வொன்றும் 2 மில்லி நொடி எரிகிறது. அந்தப் படத்தில் ஓரிரண்டு இலக்கம் விழுந்தாலே பெரிது. `OCR1A`-ஐ 124 ஆக்கினால் இலக்கத்துக்கு அரை மில்லி நொடி, படத்தில் பாதிக்குப் பாதியாவது தேறும். 20 மைக்ரோ நொடி இடைவெளி அப்போது நூறில் நாலு பங்கு, அதுவும் பரவாயில்லை. படத்தில் நான்கும் எப்போதும் விழவேண்டும் என்றால் மல்டிபிளெக்ஸையே விட்டுவிட்டு இலக்கத்துக்கு ஒரு 74595 என்று நான்கு வாங்க வேண்டும், செக்மெண்டுக்கு ஒன்றாக 28 ரெசிஸ்டரும் சேர்த்து.