நுணுக்குக்காட்டி வழுக்கி ஏன் பால்போல வெளுக்கிறது?

"கிளிநொச்சியில் உயர்தர உயிரியல் படிப்பிக்கிறேன். செய்முறைக்காக நுளம்புக் குடம்பியைக் கனடா பால்சத்தில் பதித்தால், அடுத்த நாளே சுற்றிவரப் பால் மாதிரி வெளுக்கிறது. அனோபிலிஸ் செட்டையில் புள்ளிகளே தெரியவில்லை. பால்சம் பழுதா?"

பால்சத்தில் பிழையில்லை. குடம்பிக்குள் தண்ணீர் நிற்கிறது, அது பால்சத்தோடு சேராது. உங்கள் அற்ககோல் போத்தலைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். நூறு வீதம் என்று லேபல் ஒட்டித் தண்ணீர் கலந்து விற்பவர்கள் இருக்கிறார்கள். நல்ல போத்தலும் மாரி காலத்தில் திறந்து திறந்து மூடினால் ஈரத்தை இழுக்கும். மயில்துத்தத்தை வெள்ளைத் தூளாகும் வரை வறுத்து, ஆறியபின் அதில் கொஞ்சத்தை அற்ககோலில் போடுங்கள். நீலமானால் தண்ணீர் இருக்கிறது. புதுப் போத்தல் கேட்டு மூன்று கொட்டேஷன் எடுத்து முடிப்பதற்குள் தவணையே முடிந்துவிடும் என்பது எனக்கும் தெரியும். அதனால் கடைசியில் கராம்பு எண்ணெய் பாவியுங்கள். 95 வீத அற்ககோலிலிருந்தே அதற்கு மாற்றலாம்.

நாலாம் பருவக் குடம்பியைச் சுடுநீரில் கொன்றால் நீண்டு கிடக்கும். உடலில் ஊசியால் குத்தி, 10 வீதப் பொட்டாசியம் ஐதரொட்சைட்டில் ஓர் இரவு விட்டு, தண்ணீரில் நன்றாகக் கழுவுங்கள். பிறகு 70, 90, 95 வீத அற்ககோலில் பத்துப் பத்து நிமிடம், கராம்பு எண்ணெயில் கால்மணி நேரம், அப்புறம் பால்சம். வால்பகுதியை வெட்டிப் பக்கவாட்டில் படுக்கவையுங்கள். எட்டாம் துண்டத்தில் சீப்புச் செதில்கள் தெரியவேண்டும். அவற்றின் நடுமுள்ளுக்கு இருபுறமும் பலமான பக்கமுட்கள் இருந்தால் ஈடிஸ் ஈஜிப்டி, வெறும் ஒற்றை முள்ளென்றால் அல்போபிக்டஸ். வெளுத்துப்போன வழுக்கியையும் எறியவேண்டாம். சைலீனில் ஊறவைத்துப் பால்சத்தைக் கரைத்து, அற்ககோலிலிருந்து மறுபடி தொடங்கலாம்.

தயாராக விற்கும் வழுக்கிப் பெட்டியை மட்டும் நம்பாதீர்கள். நான் வாங்கிய ஒன்றில் 'ஈடிஸ் குடம்பி' என்று எழுதியிருந்தது. உள்ளே நீண்ட சுவாசக்குழாயும் அதில் பல மயிர்க்கற்றைகளுமாகக் கியூலெக்ஸ் படுத்திருந்தது! ஈடிஸுக்குக் குழாய் கட்டை, கற்றை ஒரே சோடிதான்.

இனிச் செட்டை. இதற்குப் பொட்டாசியமும் வேண்டாம், பால்சமும் வேண்டாம். அனோபிலிஸ் செட்டையின் கறுப்பு வெள்ளைப் புள்ளிகள் எல்லாம் நரம்புகளில் ஒட்டியிருக்கும் செதில்கள். ஈரப்பட்டால் உதிரும், பால்சத்துக்குள் நிறவேறுபாடு மங்கிவிடும். நரம்பு மட்டும் பார்ப்பதென்றால் உதிரட்டும். ஆனால் 2016 கடைசியில் மன்னாரில் மலேரியா பரப்பும் அனோபிலிஸ் ஸ்டீபன்சி பிடிபட்ட பிறகு, வன்னியில் படிக்கும் பிள்ளைகளுக்கு இனத்தை அடையாளம் காணப் புள்ளிதான் முக்கியம். உலர்ந்த நுளம்பின் செட்டையை அடியில் கிள்ளியெடுத்து வழுக்கியில் வையுங்கள். கவர்சிலிப்பை மூடி, நாலு மூலையிலும் கியூடெக்ஸ் தொட்டுவிடுங்கள். உள்ளே ஒரு துளியும் போகக்கூடாது.

வாயுறுப்புக்குப் பெண் நுளம்பையே எடுங்கள். தலையைப் பொட்டாசியத்தில் சற்றே இளக்கிக் கழுவி, கிளிசரீன் துளியில் இரண்டு நுண்ணூசியால் உறையைப் பிரித்தால் ஆறு ஊசிகளும் வெளியே வரும்.