டிவியில் கேமரா சொருகிய கதை

கேள்வி: ஸ்மார்ட் டிவியில் யூஎஸ்பி கேமரா சொருகினால் வீடியோ மீட்டிங்கில் சேர முடியுமா? என்னென்ன வசதிகள் இருக்காது?

டிவியை ஏற்கெனவே வாங்கிவிட்டுத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நானும் அப்படித்தான். சில டிவிகளில் முடியும், பல டிவிகளில் முடியாது. முடிகிற டிவியிலும் பாதி வசதிதான் கிடைக்கும்.

ஞாயிறு மாலை தங்கை மஸ்கட்டிலிருந்தும் தம்பி புனேவிலிருந்தும் மீட்டிங்கில் வருவார்கள். அப்பா போனைப் பிடித்தால் அவருடைய நெற்றியும் மேலே சுற்றும் ஃபேனும் மட்டும்தான் தெரியும். அதனால் 43 இஞ்ச் ஆண்ட்ராய்டு டிவி ஒன்றும் வெப்கேம் ஒன்றும் வாங்கினேன். "பின்னாடி யூஎஸ்பி இருக்கு சார், சொருகினா போதும்" என்றார் கடைக்காரர்.

அந்த யூஎஸ்பி பெரும்பாலும் பென் டிரைவில் படம் பார்ப்பதற்காக வைத்தது. வெளிக் கேமராவைக் கண்டுகொள்ளும் வழி ஆண்ட்ராய்டு 9-இலிருந்தே இருக்கிறது. ஆனால் அதைச் சேர்ப்பதும் விடுவதும் டிவி தயாரிப்பவர் இஷ்டம். கேமராவின் விளக்கு எரிகிறதே என்று நம்பாதீர்கள், மின்சாரம் வந்தாலே சில கேமராக்களில் அது எரியும். டிவியில் டெவலப்பர் ஆப்ஷனைத் திறந்து யூஎஸ்பி டீபக்கிங்கை ஆன் செய்து, adb என்ற கருவியை நிறுவிய கம்ப்யூட்டரிலிருந்து இதைக் கொடுத்துப் பாருங்கள்:

```
adb connect டிவியின்_IP
adb shell dumpsys media.camera
```

மேலேயே `Number of camera devices` என்று ஒரு வரி வரும். கேமரா சொருகியும் அதில் 0 என்றால் எந்த மீட்டிங் ஆப் போட்டும் பயனில்லை, கேமராவைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். எனக்கு 1 வந்தது. ஆனாலும் போனுக்கான ஆப்பை ஏற்றினால் "கேமரா இல்லை" என்றது. ஆண்ட்ராய்டு கணக்கில் முன் கேமரா, பின் கேமரா, வெளிக் கேமரா என்று மூன்று வகை உண்டு. முன் கேமராவை மட்டும் தேடும் ஆப்புக்கு வெளிக் கேமரா கண்ணில் படாது. டிவிக்கென்றே வந்த ஆப்பைப் போட்டதும் அப்பா திரையில் வந்தார்.

வந்தாரே தவிர, கட்டைவிரல் அளவுக்குத்தான் இருந்தார். என் கேமராவின் பார்வைக் கோணம் 78 டிகிரி. மூன்று மீட்டர் தள்ளி சோபாவில் உட்கார்ந்தால் நாலு மீட்டருக்கும் அதிகமான அகலத்துக்கு ஹால் முழுவதும் விழுகிறது, காயப்போட்ட துணி உட்பட. கம்ப்யூட்டரில் என்றால் ஜூம் செய்துகொள்ளலாம், பின்னணியை மங்கலாக்கலாம். டிவி ஆப்பில் இரண்டுமே இல்லை. எந்த மைக், எந்த ஸ்பீக்கர் என்று தேர்ந்தெடுக்கும் இடமும் இல்லை. டிவி ஒலியைக் கொஞ்சம் தாமதித்துத்தான் வெளியே விடும், அதனால் எதிரொலியை அடக்கும் வேலையில் ஆப் தடுமாறுகிறது. தங்கை பேசியது அவளுக்கே திரும்பிக் கேட்டது. டிவியை, தாமதத்தைக் குறைக்கும் கேம் மோடுக்கு மாற்றியதும் கொஞ்சம் குறைந்தது.

தினசரித் தலைவலி என்னவோ லிங்க்தான். லிங்க் வாட்ஸப்பில் வரும், டிவியில் வாட்ஸப் இல்லை. ரிமோட்டை வைத்து ஒவ்வொரு எண்ணாக மீட்டிங் ஐடியும் பாஸ்வேர்டும் அடித்து முடிப்பதற்குள் அங்கே காபி குடித்து முடித்திருப்பார்கள். இப்போது தங்கை ஒரே ஐடியைத்தான் வாராவாரம் பயன்படுத்துகிறாள், பாஸ்வேர்டும் வெறும் எண்கள்தான். அப்புறம், மற்றவர்கள் பகிரும் திரையை டிவியில் பார்க்கலாம், நம் திரையைப் பகிர முடியாது. சாட்டில் தமிழில் எழுதலாம் என்ற ஆசையும் வேண்டாம். டிவியிலிருந்து மீட்டிங்கை நடத்தினால், காத்திருப்பவர்களை உள்ளே விடும் பட்டனைத் தேடி அலைய வேண்டியிருந்தது.

"உனக்கு செட் பண்ணத் தெரியல, என் டிவியில எல்லாம் வருது" என்று சிலர் கீழே எழுதுவார்கள். வரலாம், கேமராவோடு சேர்த்தே விற்கும் டிவிகள் இருக்கின்றன. நான் சொல்வது தனியாகக் கேமரா வாங்கிச் சொருகுகிறவர்களுக்கு.

இன்னொரு வயிற்றெரிச்சலையும் சொல்லிவிடுகிறேன். சுவரில் மாட்ட வந்தவர் ஸ்டாண்டுக்குத் தனியாகக் காசு வாங்கிக்கொண்டு, யூஎஸ்பி ஓட்டைக்குள் விரல்கூட நுழையாதபடி சுவரோடு ஒட்டி மாட்டிவிட்டுப் போனார். கழற்றி மாட்ட மறுபடியும் காசு. கேமராவுக்கும் இந்தக் கேள்விக்கும் சம்பந்தமில்லைதான், ஆனால் அந்த ரசீது இன்னும் என்னிடம் இருக்கிறது.

கடைசியில் பழைய லேப்டாப்பை எச்டிஎம்ஐ வயரில் டிவியோடு இணைத்து, கேமராவை லேப்டாப்பில் சொருகினேன். மூடியை மூடினாலும் தூங்காதபடி பவர் செட்டிங்கை மாற்றி அதை டிவிக்குக் கீழே வைத்தாயிற்று. கேமராவை மட்டும் ஒன்றரை மீட்டர் முன்னால் தள்ளி, டீப்பாயில் ஒரு புத்தக அடுக்கின் மேல் நிறுத்தியிருக்கிறேன். போன வாரம் அப்பாவின் முகம் முழுதாகத் தெரிந்தது. "ஏன்பா ஷேவ் பண்ணல?" என்று தங்கை கேட்டாள்.